உத்தியோக அறிவித்தலைத் தமிழாக்குதல்

இலங்கை அரசாங்கத்தின் வர்த்தமானப் பத்திரிகை 1802 ஆம் ஆண்டில் தொடங்கியது. வெள்ளிக்கிழமைதோறும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வெளியாகும் இதழ்களில், உத்தியோக வெற்றிடங்களையும் போட்டிப் பரீட்சைகளையும் அறிவிக்கும் பக்கங்களுக்கே வாசகர் மிகுதி. அப்பக்கங்களை ஆவலோடு புரட்டும் ஊர்கள் நாடெங்கும் உள்ளனவெனினும், அம்பாறைக் கரையோரத்திலே மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் முஸ்லிம் ஊர்களின் நிலை சற்றே வேறானது. அங்குள்ளோரின் தாய்மொழி தமிழ். பள்ளிக்கூடத்துப் பயிற்றுமொழியும் தமிழ். ஆனால், 1961 ஆம் ஆண்டு மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தின் தலைநகரோ சிங்களம் பெருவழக்காயுள்ள உட்பகுதியில் அமைந்துள்ளது. ஆகவே, இக்கரையோரத்து இளைஞன் ஒருவன் ஓர் அரசாங்க உத்தியோகத்துக்குத் தான் தகுதியுடையவனா அல்லனா என்பதை, தமிழ்ப் பாடம் சொல்வதைக் கொண்டே தீர்மானிக்கின்றான். அப்பாடமோ பெரும்பாலும் மொழிபெயர்ப்பு.

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் ஓர் அரசகரும மொழியாயிற்று. அரச சேவையிற் சேர்வதற்கான பரீட்சைக்குச் சிங்களத்திலோ தமிழிலோ தோற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை அளிக்கின்றது. ஆயினும், இவ்வறிவித்தல்கள் பலவற்றின் இறுதியில் ஒரு வாசகம் காணப்படும்: மூன்று மொழிப் பாடங்களுக்குமிடையே முரண்பாடு காணப்படின் சிங்களப் பாடமே மேலோங்கும் என்பது அது. அவ்வாசகத்தின் விளைவை நிதானித்து நோக்குதல் வேண்டும். தமிழ்ப் பாடத்தில் ஒரு சொல் பிறழ்ந்தால், அப்பிறழ்வின் நட்டம் மொழிபெயர்த்தவரைச் சாராது. அறிவித்தலை வெளியிட்ட திணைக்களத்தையும் சாராது. அதனை நம்பி விண்ணப்பித்தவரையும், அதனை நம்பி விண்ணப்பிக்காது விட்டவரையுமே சாரும். முன்னவருக்குப் பரீட்சைக் கட்டணமும் உழைப்பும் போகும். தகைமையில்லை எனப் பின்னர் தெரியவந்தால் பரீட்சைக்கு முன்னரோ பின்னரோ எந்நிலையிலும் பரீட்சார்த்தியின் தகுதியை இரத்துச் செய்யலாமென்னும் நிபந்தனையும் வழக்கமாகவே உள்ளது. பின்னவருக்கு ஒன்றும் போனதாகத் தோன்றாது. ஆனால், வயதெல்லை கடந்துவிட்டால் அடுத்த அறிவித்தல் அவருக்குரியதன்று.

எனவே இவ்வகைப் பத்திரத்தைத் தமிழாக்குவோர், கதையையோ கட்டுரையையோ தமிழாக்குவோர் செய்யும் பல காரியங்களைச் செய்தலாகாது. கருத்தைச் சுருக்கித் தருதல், ஓசைக்காகச் சொல்லை மாற்றுதல், மூலத்தில் மயக்கமாயிருப்பதைத் தாமே தெளிவாக்குதல் ஆகிய மூன்றும் வேறிடத்திற் சிறப்பாகலாம். இவ்விடத்தில் அவை பிழை. உத்தியோக அறிவித்தல் என்பது ஒரு வேலி. இன்னார் உள்ளே, இன்னார் வெளியே என்று அது வகுக்கின்றது. அவ்வேலியை ஒரு முழமேனும் இப்பாலோ அப்பாலோ நகர்த்தாது மறுமொழியில் நாட்டுவதே மொழிபெயர்ப்பாளரின் கடமை.

வேலி எங்கே நகர்கின்றது என்பதை வயதைப் பற்றிய பந்தியிற் காணலாம். திறந்த போட்டிப் பரீட்சை ஒன்றின் அறிவித்தலில், விண்ணப்ப முடிவுத் திகதியன்று விண்ணப்பதாரி 18 வயதுக்குக் குறையாதவராகவும் 30 வயதுக்கு மேற்படாதவராகவும் இருத்தல் வேண்டும் என எழுதப்பட்டுள்ளதென்றும், அம்முடிவுத் திகதி 2024 யூலை 15 என்றும் உதாரணமாகக் கொள்க. சிங்கள மூலத்தில் இவ்விரு எல்லைகளையும் ‘நொஅடு’, ‘நொவெடி’ என்னும் இரண்டு சிறு சொற்கள் காட்டும். முன்னது ‘குறையாத’ என்றும், பின்னது ‘மேற்படாத’ என்றும் பொருள்படுவன. இரண்டும் எதிர்மறைச் சொற்கள். எல்லையில் நிற்பவரையும் உள்ளே சேர்த்துக்கொள்வன. 1994 யூலை 15 ஆம் திகதி பிறந்த ஒருவருக்கு முடிவுத் திகதியன்று சரியாக 30 வயது. அவர் 30 வயதுக்கு மேற்பட்டவர் அல்லர், ஆகவே தகுதியுடையவர். அதற்கு முதல்நாள், யூலை 14 ஆம் திகதி பிறந்தவர் 30 வயதையும் ஒரு நாளையும் கடந்தவராதலின் தகுதியற்றவர். மறுமுனையில், 2006 யூலை 15 இற் பிறந்தவருக்குச் சரியாக 18, அவர் உள்ளே. யூலை 16 இற் பிறந்தவர் வெளியே.

இனி, இவ்வாசகத்தைப் பத்திரிகைச் சுருக்கங்களிலும் அறிவித்தற் பலகைகளிலும் வழக்கமாகக் காணப்படும் தமிழில் எழுதிப் பார்க்கலாம். ‘18 வயதுக்கு மேற்பட்ட, 30 வயதுக்குட்பட்ட விண்ணப்பதாரிகள்’ என்பது அவ்வழக்கு. படிக்கச் சரளமாயுள்ளது. ஆனால், ‘மேற்பட்ட’ என்றவுடன் சரியாக 18 நிறைந்தவர் ஐயத்துக்குள்ளாகின்றார். ‘உட்பட்ட’ என்றவுடன் சரியாக 30 நிறைந்தவரும் அவ்வாறே. ‘18 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்டவர்’ என்பது இன்னும் மோசமானது. இரு கரைக்கும் இடைப்பட்டது ஆறேயன்றிக் கரையன்று. ‘30 வயது பூர்த்தியடையாதவர்’ என எழுதினால், யூலை 15 இற் பிறந்தவர் ஐயத்துக்கிடமின்றி வெளியே தள்ளப்படுவார். ‘30 வயதைத் தாண்டாதவர்’ என்பது எதிர்ப்பக்கத்திற் சரிகின்றது. முப்பதாவது பிறந்தநாள் கழிந்து எட்டு மாதமானவரும் தம் வயதைக் கேட்டால் முப்பது என்றே சொல்வாராதலின், தாம் இன்னும் தாண்டவில்லையென்று அவர் கருதுவார்.

இக்கடைசி மயக்கம் மூலத்திலேயே உள்ள ஒன்று. ‘30 வயதுக்கு மேற்படாத’ என்னும் சரியான தொடரையும், முப்பதரை வயதுடையவர் தமக்குச் சாதகமாகப் பொருள்கொள்ளக்கூடும். அதனால்தான் இலங்கை வர்த்தமானி அறிவித்தல்கள் பல, வயதைக் கூறியபின் பிறந்த திகதியையும் கூறி ஐயத்தை நீக்குகின்றன: ‘ஆகவே 2006.07.15 ஆந் திகதியன்றோ அதற்கு முன்னரோ பிறந்தவர்களாகவும், 1994.07.15 ஆந் திகதியன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களாகவும் இருப்போர் மாத்திரமே தகுதியுடையோராவர்’ என்பது போல வரும். வேலியை நட்டது உண்மையில் இவ்வாக்கியமே. முன்னே கூறியதையே மீண்டும் கூறுகின்றது என்று எண்ணி இதனை விட்டுவிடும் மொழிபெயர்ப்பாளர், வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பங்களை மட்டும் விட்டவராவார்.

இவ்வாக்கியத்திலும் ஒரு வழுக்கலுண்டு. வயதிற் கூடியவர் பிறந்த திகதியில் முந்தியவர். எனவே உயர் வயதெல்லைக்குரிய திகதியுடன் ‘பின்னர்’ என்னுஞ் சொல்லும், தாழ் வயதெல்லைக்குரிய திகதியுடன் ‘முன்னர்’ என்னுஞ் சொல்லும் வருதல் வேண்டும். ‘உயர்ந்தது’ என்றவுடன் ‘முன்’ என எழுதக் கை துணிந்துவிடும். வேகமாக எழுதுவோர் அடிக்கடி மாற்றிவிடுவது இதனையே. ‘அன்றோ’ என்னும் ஒரு சொல் விடுபட்டாலோ, எல்லையிற் பிறந்த இருவரும் மீண்டும் வெளியே. மூலத்தில் ஆண்டு முன்னும் நாள் பின்னுமாக எண்கள் நிற்கையில், தமிழில் அவற்றைத் தலைகீழாக எழுதுவதும் ஆகாது. 05.07 என்பது யூலை ஐந்தா, மே ஏழா என்னும் கேள்வியை வாசகர் தலையிற் சுமத்துதல் தகாது.

அயல்நாடான இந்தியாவிலும் இத்தகைய இரட்டை வாசகம் வழக்கிலுள்ளது. அந்நாட்டு மத்திய தேர்வாணையத்தின் 2024 ஆம் ஆண்டு குடிமைப்பணித் தேர்வு அறிவித்தல், அவ்வாண்டு ஆகஸ்ட் 1 ஆம் திகதி 21 வயதை எய்தியிருத்தல் வேண்டும், 32 வயதை எய்தியிருத்தலாகாது எனக் கூறி, 1992 ஆகஸ்ட் 2 ஆம் திகதிக்கு முன்னரும் 2003 ஆகஸ்ட் 1 ஆம் திகதிக்குப் பின்னரும் பிறந்திருத்தலாகாது என விளக்கியது. இங்கே எல்லைநாளில் 32 நிறைந்தவர் வெளியே. மேலே சொன்ன இலங்கை வாசகத்தில் எல்லைநாளில் 30 நிறைந்தவர் உள்ளே. இரு நாட்டவரும் பேசுவது தமிழே. ஆதலால் ஒரு நாட்டுத் தமிழ் அறிவித்தலைப் பார்த்து மறுநாட்டு அறிவித்தலை எழுதுபவர், தெரியாமலே ஒரு நாளைக் களவுகொடுப்பார்.

அடுத்தது வயதுச் சலுகை. ‘வயதுத் தளர்வு’ என்னும் ஒரே தொடரால் மூன்று வெவ்வேறு சங்கதிகள் குறிக்கப்படுகின்றன. எல்லையைக் குறித்த சில ஆண்டுகளால் நீட்டித்தல் ஒன்று. இந்தியாவின் மத்திய அரசுப் பணிகளிற் பட்டியற் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் ஐந்து ஆண்டும், ஏனைய பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்க்கு மூன்று ஆண்டும் நீட்டிப்பது இவ்வகை. குறித்த ஒரு வகுப்பாருக்கு எல்லையே பொருந்தாது என விலக்குதல் இரண்டாவது. அதிகாரி தம் தற்றுணிபின்படி தளர்த்தலாம் என்பது மூன்றாவது. முதலாவதில் விண்ணப்பதாரி கணக்குப் பார்க்க வேண்டும். இரண்டாவதிற் பார்க்க வேண்டியதில்லை. மூன்றாவதில் அவருக்கு உரிமையெதுவும் இல்லை, கேட்டுப் பார்க்க இடமுண்டு, அவ்வளவே.

இலங்கை அறிவித்தல்களில் இரண்டாவது வகையே பெரிதும் காணப்படும். ஏற்கெனவே அரசாங்க சேவையில் அல்லது மாகாண அரசாங்க சேவையில் உள்ளோருக்கு உயர்ந்தபட்ச வயதெல்லை ஏற்புடையதாகாது என்பது அதன் வாசகம். இதனை ‘அரச துறை ஊழியர்களுக்கு வயதுத் தளர்வு உண்டு’ என்று சுருக்கினால் இரண்டு பிழைகள் ஒருங்கே நேர்கின்றன. விலக்கப்பட்டது உயர்ந்தபட்ச எல்லை மாத்திரமே என்பது முதலில் மறைந்துவிடுகின்றது. இரண்டாவது பிழை பெரியது. கல்முனை பஸ் டிப்போவிலே பத்தாண்டு எழுதுவினைஞராயிருந்த ஒருவரை நினைத்துக்கொள்க. அவர் வேலை செய்வது இலங்கைப் போக்குவரத்துச் சபையில். ஊர்வழக்கில் அவர் ‘கவண்மேந்து’ உத்தியோகத்தர்தாம்; கலியாணப் பேச்சிலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால், சபைகளும் கூட்டுத்தாபனங்களும் சட்டத்தினால் ஆக்கப்பட்ட தனி நிறுவனங்கள். அவற்றின் ஊழியர் அரச துறையைச் சேர்ந்தவரேயன்றி அரசாங்க சேவையைச் சேர்ந்தவர் அல்லர். ‘அரசாங்க சேவை’ என மூலம் கூறியிருக்கத் தமிழில் ‘அரச துறை’ என எழுதினால், முப்பத்தைந்து வயதான அந்த எழுதுவினைஞர் கட்டணம் செலுத்தி, இரவிரவாகப் படித்து, பரீட்சையிலும் சித்தியெய்தி, நேர்முகப் பரீட்சையன்று திருப்பி அனுப்பப்படுவார்.

அறிவித்தலை எடுத்துக்கொண்டு தம் ஊர்ப் பெரியவரிடம் வந்து, “காக்கா, டிப்போ வேலையும் அரசாங்க சேவைதானே?” என்று அவர் கேட்கக்கூடும். “சேவை என்றா போட்டிருக்கு, துறை என்றா போட்டிருக்கு? அதைப் பாருங்க தம்பி” என்று பெரியவர் விடையிறுப்பாராயின், பெரியவர் விவரமறிந்தவர். ஆனால் அவர் பார்க்கச் சொல்லும் அச்சொல் மூலத்தில் உள்ள சொல்தானா என்பது, எங்கோ ஓர் அலுவலகத்தில் அதனைத் தமிழாக்கியவரின் கையில் இருக்கின்றது.

கல்வித் தகைமை பற்றிய பந்தியில் சொல்லைக்காட்டிலும் குறியீடே மிகுந்த தீங்கு செய்யவல்லது. கல்விப் பொதுத் தராதரப் பத்திர சாதாரண தரத்தில், சிங்களம்/தமிழ்/ஆங்கில மொழி, கணிதம் என்பன உட்பட நான்கு பாடங்களில் திறமைச் சித்தியுடன் ஆறு பாடங்களில் ஒரே அமர்வில் சித்தியெய்தியிருத்தல் என்னும் மாதிரியான நிபந்தனை நேயர்கள் பலர் கண்டிருக்கக்கூடியது. அதிலுள்ள சாய்கோடு ‘அல்லது’ எனப் பொருள்படும்; மூன்றில் ஏதேனும் ஒன்று போதும். தமிழ் எழுத்துநடையிற் சாய்கோடு அழகாயில்லையென்று கருதி ‘சிங்களம், தமிழ், ஆங்கிலம், கணிதம்’ எனக் காற்புள்ளியிட்டு எழுதினால், நான்கு பாடங்களும் நிரம்பிவிட்டன. மூன்று மொழியிலும் திறமைச் சித்தி பெற்றவரே விண்ணப்பிக்கலாம் என்றாகிவிடும். தமிழ்மொழியிலே திறமைச் சித்தியுடைய மருதமுனைப் பெண்ணொருத்தி அறிவித்தலை மடித்து வைத்துவிடுவாள். அவள் விண்ணப்பிக்கவில்லை என்பது எந்தக் கணக்கிலும் ஏறாது. ‘நான்கு பாடங்களில் திறமைச் சித்தியும், ஆறு பாடங்களில் சித்தியும்’ எனப் பிரித்தெழுதுவதும் ஆபத்தே. ஆறினுள் நான்கு அடக்கம் என்பது மறைந்து, பத்துப் பாடங்கள் வேண்டும்போலத் தோன்றும். ஒன்பது பாடங்களுக்குத் தோற்றியவர் இதைக் கண்டு திகைப்பதில் வியப்பில்லை. ‘ஒரே அமர்வில்’ என்பது தொடரின் எப்பகுதியைத் தழுவுகின்றது என்பதையும் மூலத்தில் உள்ளவாறே நிறுத்துதல் வேண்டும். அதனை வாக்கியத்தின் தொடக்கத்துக்கோ இறுதிக்கோ பெயர்த்தால் பொருளும் பெயர்ந்துவிடும்.

ஒதுக்கீடு என்னும் சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டு வாசகருக்குச் சாதிவாரி இடஒதுக்கீடு நினைவுக்கு வரும். இலங்கையின் அரச சேவையில் அத்தகைய ஒதுக்கீடு இல்லை. அங்கே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒதுக்கீடு, 1988 ஆகஸ்ட் 18 ஆந் திகதிய 27/88 ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கையிற் கூறப்பட்டது. வெற்றிடங்களுள் 3 வீதமானவை மாற்றுத்திறனாளிகளைக் கொண்டு நிரப்பப்படல் வேண்டும் என்பது அது. ஆனால் அதே வாக்கியம், அவர்கள் வேண்டிய தகைமைகளை உடையோராயும், அவர்தம் குறைபாடு கடமைகளைச் செய்வதற்குத் தடையாகாததாயும் இருத்தல் வேண்டும் எனவும் கூறுகின்றது. ‘மாற்றுத்திறனாளிகளுக்கு 3 வீத ஒதுக்கீடு, தகைமையிற் சலுகை’ என இரக்கத்தோடு எழுதிவிடும் மொழிபெயர்ப்பாளர் உண்டு. இடத்தை ஒதுக்குவது வேறு, தகைமையைக் குறைப்பது வேறு, வயதெல்லையை நீட்டுவது வேறு. ஒன்றிருந்தால் மற்றது உண்டென்று கொள்ளலாகாது. ‘முன்னுரிமை அளிக்கப்படும்’ என்பதும் ஒதுக்கீடன்று. முன்னுரிமை என்பது இருவர் சமமாய் நிற்கையில் ஒருவரை முன்னிறுத்துவது; ஒதுக்கீடு அவ்விடத்தை மற்றையோர்க்கு அடைத்துவைப்பது. மேலும், 40 வெற்றிடங்களில் 3 வீதம் 1.2 ஆகும். அதை ஒன்றாகக் குறைப்பதா, இரண்டாகக் கூட்டுவதா என்பதை நியமன அதிகாரி தீர்மானிப்பார். வாசகருக்கு உதவுவதாக எண்ணி ‘ஓர் இடம்’ எனக் கணக்கிட்டு எழுதுதல் மொழிபெயர்ப்பாளரின் வேலையன்று; மூலத்தில் வீதம் இருந்தால் தமிழிலும் வீதமே இருத்தல் வேண்டும்.

கல்முனையைப் பொறுத்தவரை யாவற்றினும் சிக்கலானது வதிவிடம் பற்றிய நிபந்தனை. குறித்த ஒரு பிரிவில் நிரந்தரமாக வதிபவரே விண்ணப்பிக்கலாம் எனச் சில பதவிகளுக்கு விதி இருக்கும். ‘கல்முனை’ என்னும் ஒரே பெயரில் ஒரு பட்டினம் இருக்கின்றது. ஒரு மாநகர சபை, ஒரு தேர்தற் தொகுதி, ஒரு கல்வி வலயம், சுகாதார சேவைகளுக்கான ஒரு பிராந்தியம், ஒரு பிரதேச செயலகப் பிரிவு ஆகியனவும் இருக்கின்றன. இவற்றின் எல்லைகள் ஒன்றாயிருந்தால் தொல்லையில்லை. சுகாதாரப் பிராந்தியமோ தெற்கே அறுபது கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள பொத்துவில் வரை பரந்தது. சாய்ந்தமருதோ கல்முனை மாநகர சபையின் எல்லைக்குள் அமைந்தது. ஆனால் அதற்கெனத் தனியான பிரதேச செயலகப் பிரிவு உண்டு. 2020 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவ்வூருக்குத் தனி நகர சபை அமைப்பதாக வர்த்தமானி வெளிவந்து, சில நாட்களுள் அது இடைநிறுத்தப்பட்டதை நேயர்கள் அறிவர்.

இந்நிலையில், மூலம் ‘கல்முனைப் பிரதேச செயலகப் பிரிவில் நிரந்தரமாக வதிபவர்’ எனக் கூற, தமிழ்ப் பாடம் ‘கல்முனையில் நிரந்தரமாக வதிபவர்’ எனச் சுருங்கினால் விளைவு யாது? சாய்ந்தமருதில் வதியும் பட்டதாரி யுவதி ஒருத்தி, தான் வரி செலுத்துவது கல்முனை மாநகர சபைக்கு ஆதலின் தகுதியுடையவள் என்று நம்பி விண்ணப்பிப்பாள். அவளுடைய வதிவிடச் சான்றிதழில் மேலொப்பமிடுபவரோ சாய்ந்தமருதுப் பிரதேச செயலாளர். அச்சான்றிதழே அவளைத் தகுதியற்றவளாக்கிவிடும். இதற்கு மறுதலையாக, சுகாதாரப் பிராந்தியம் முழுவதற்குமான வெற்றிடத்தை ‘கல்முனையில் வெற்றிடம்’ எனத் தமிழாக்கினால், பொத்துவிலாரும் அக்கரைப்பற்றாரும் அது தமக்குரியதன்றென விட்டுவிடுவர்.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு பெயர்ச் சிக்கலும் உண்டு. கல்முனைத் தமிழ்ப் பிரிவு என்றும், கல்முனை வடக்கு என்றும், உப பிரதேச செயலகம் என்றும் பலவாறு வழங்கப்படும் அலுவலகத்தின் அந்தஸ்து பற்றி, அவ்வூர்த் தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே நெடுங்காலமாக வழக்கு நிலவுகின்றது. 2019 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அதன் பொருட்டு உண்ணாவிரதமும் நடந்தது. அறிவித்தலில் அவ்வலுவலகத்தின் பெயர் வருமாயின், மூலத்திலுள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அவ்வண்ணமே பெயர்த்தெழுதுவதன்றி வேறு வழியில்லை. ‘உப’ என்பதைச் சேர்ப்பதும் நீக்குவதும், ‘வடக்கு’ என்பதை இடுவதும் விடுவதும், மொழிபெயர்ப்பாளர் எப்பக்கத்தாராயினும், அவர் கையிலில்லாத ஒரு வழக்குக்குத் தாமே தீர்ப்பு எழுதுவதாகும். விண்ணப்பதாரிக்கோ அப்பெயர் ஓர் அரசியற் சொல்லன்று. தம் சான்றிதழில் எந்த முத்திரை இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் சொல் அது.

மூலமே மயக்கமாயிருந்தால் என் செய்வது என்னும் கேள்வி இயல்பாக எழும். சிங்களப் பாடமும் ஆங்கிலப் பாடமும் தம்முள் மாறுபடுவதும் உண்டு. அத்தகைய இடங்களில் அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர் தமக்கு நியாயமாய்த் தோன்றும் பொருளைத் தெரிந்தெடுப்பதில்லை. பந்தியின் இலக்கத்தைக் குறித்து, இப்படியா அப்படியா என்னும் கேள்வியை அறிவித்தலை வெளியிடும் அலுவலகத்துக்கு எழுத்தில் அனுப்புவார். விடை வரும்வரை அவ்விடத்தை நிரப்பாது வைத்திருப்பார். விடை வராமலே அச்சுக்குப் போக நேர்ந்தால், மயக்கத்தை மயக்கமாகவே தமிழிலும் நிறுத்துவார். வாசகர் கேட்டறியத் தூண்டும் மயக்கம், அவரை நம்பவைக்கும் பொய்த் தெளிவைக்காட்டிலும் தீங்கு குறைந்தது.

தமிழ்ப் பாடம் முடிந்தபின் அதனைச் சரிபார்க்கவும் ஓர் எளிய முறை உண்டு. மூலத்தைப் படித்திராத ஒருவரிடம் தமிழ்ப் பாடத்தை மட்டும் கொடுத்து, கற்பனை விண்ணப்பதாரிகள் சிலரைப் பற்றிக் கேட்பதே அது. எல்லைநாளிற் பிறந்த இருவர், அதற்கு ஒரு நாள் இப்பாலும் அப்பாலும் பிறந்த இருவர், டிப்போ எழுதுவினைஞர், தமிழில் மட்டும் திறமைச் சித்தியுள்ள பெண், சாய்ந்தமருதுப் பட்டதாரி என ஏழெட்டுப் பேர் போதும். இவர்கள் ஒவ்வொருவரும் உள்ளேயா வெளியேயா என அவர் குறித்துத் தருவார். மொழிபெயர்த்தவர் மூலத்தைக்கொண்டு தாமும் ஒரு பட்டியல் எழுதி, இரண்டையும் ஒப்பிடுவார். எங்கே மாறுபாடோ அங்கே வேலி நகர்ந்திருக்கின்றது. அடிக்கு அடி ஒத்துப்பார்ப்பதில் தப்பிவிடும் பிழைகள் இம்முறையில் அகப்படும். காரணம், ஒத்துப்பார்ப்பவர் மூலத்தை அறிந்தவராதலின், தமிழில் இல்லாததையும் தம்மையறியாமல் இட்டு நிரப்பிப் படித்துவிடுகின்றார்.

திருத்த அறிவித்தல் வரும்போது இப்பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்த்தல் நன்று. முடிவுத் திகதி 2024 யூலை 15 இலிருந்து யூலை 31 வரை நீடிக்கப்பட்டதாக ஒரு திருத்தம் வந்ததென்க. வயதைக் கணிக்கும் திகதியும் கூடவே நகர்ந்தால், 1994 யூலை 15 இற் பிறந்தவர் நேற்று உள்ளேயிருந்து இன்று வெளியே போவார். 2006 யூலை 16 இற் பிறந்தவர் வெளியேயிருந்து உள்ளே வருவார். நகராவிட்டால் இருவரும் இருந்தவிடத்திலேயே இருப்பர். சில திருத்தங்கள் இதனை வெளிப்படையாகக் கூறும். சில, முடிவுத் திகதியை மாத்திரம் மாற்றிவிட்டு வயதைப் பற்றி ஒன்றும் சொல்லா. ஒன்றும் சொல்லாத திருத்தத்துக்குத் தமிழிலும் ‘ஏனைய நிபந்தனைகளில் மாற்றமில்லை’ என ஒரு வரி சேர்க்கத் தோன்றும். மூலத்தில் அவ்வரி இல்லையாயின் தமிழிலும் அதற்கு இடமில்லை; பந்தி இலக்கத்தைக் குறித்த கேள்விக் கடிதம் மறுபடியும் அவ்வலுவலகத்துக்குப் போக வேண்டியதுதான்.